அம்மா விட்ட இடத்தில் பூனை

ஒன்பது வயதிலேயே முந்நூறு பேர் கூடிய சபையில் மைக் இல்லாமல் பாடிக் கைதட்டல் வாங்கியவன் நான். பொய். இருந்தது நாற்பது பேர். அதில் பாதிப் பேர் பிரியாணி அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டியதும் நான் உட்கார்ந்ததற்குத்தான்.

அம்மாவோடு பத்தாவது படித்தவர்கள் இருபது வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூரில் அதே பள்ளிக்கூடத்தில் கூடிய ஞாயிற்றுக்கிழமை அது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்கு இப்படி ஒரு கூட்டம் வைத்தால் பெஞ்சுகூட வராது.

ஏற்பாடு செய்தவர் அம்மாவோடு படித்தவர், கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். பாட்டையும் அப்படித்தான் பார்த்தார். நட்பைப் பற்றிய சினிமாப் பாட்டுகளை மொபைல் கடையில் பென் டிரைவில் ஏற்றி வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து வரிசை போட்டார். அவர்கள் படித்த காலத்துப் பாட்டு மட்டும்தான். தோள்மேல் கை போடுகிற பாட்டெல்லாம் ஆட்கள் உள்ளே வரும்போது. பிரிகிற பாட்டு சாப்பாட்டுக்குப் பிறகு, முன்னாடியே போட்டால் அழுதுவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்கள். துரோகம் செய்த நண்பனைத் திட்டும் பாட்டு வேண்டவே வேண்டாம், யாராவது ஒருத்தர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து போவார்.

போகும்போது அம்மாவிடம், "கடைசி நாள் நீங்க ரெண்டு பேரும் பாடுனீங்களே, அதையும் வச்சிக்கலாம். அவ குன்றத்தூர்லேர்ந்து வரேன்னு சொல்லிக்கீறா" என்றார். அம்மா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அது அம்மாவும் அவள் பெஞ்சுக் கூட்டாளியும் தாங்களே கட்டிய பாட்டு. ஒருத்தி ஒரு வரி பாடுவாள், அடுத்தவள் பதில் வரி பாடுவாள். அப்புறம் எதிலோ பேச்சு நின்றுபோனது. எதில் என்று அம்மா இன்றுவரை சொன்னதில்லை. குன்றத்தூருக்கு எத்தனையோ பஸ் போகிறது, ஒன்றிலும் ஏறவில்லை. போனும் போடவில்லை. தன் வரியைப் பாடி நிறுத்தினால் அவள் பதில் பாடுகிறாளா, இல்லையா. அதை வைத்து அவள் மனசைத் தெரிந்துகொள்ள அம்மா நினைத்திருந்தாள். இப்போது சொல்கிறேன், அப்போது எனக்கு என்ன தெரியும்?

ஒரகடத்தில் கம்பெனி கேன்டீன் வேலை முடிந்து வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா அந்தப் பாட்டைப் பாடிப் பழகுவாள். சினிமாப் பாட்டு மாதிரி இதற்கு ட்ராக் கிடையாது. ஆரம்பிக்கிறவள் பிடிப்பதுதான் சுருதி. உயரத்தில் பிடித்தால் அடுத்தவளின் கட்டைக் குரலுக்கு எட்டாது. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பாடினாள்.

"பெஞ்சுல பாதி இடம் விட்டு வச்சேனே..."

அப்புறம் மௌனம். சோப்பு நுரையோடு விரல் மட்டும் எட்டு தாளம் எண்ணும். பிறகு அடுத்த வரி. ஏன் நடுவில் நிறுத்துகிறாய் என்று கேட்டேன். மூச்சு வாங்குகிறேன் என்றாள். எனக்கென்னவோ மறந்துவிட்டது என்றுதான் பட்டது. பெற்ற தாய்க்கு உதவாமல் இருப்பதா? எட்டு தாளத்துக்குச் சரியாக நானே ஒரு வரி கட்டி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மா மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பாடும்போது அவள் கண் திறப்பதில்லை. முதல் வரி முடிந்தது. ஒரு தாளம், இரண்டு தாளம். யார் யார் பார்க்கிறார்கள் என்று முன்வரிசையிலிருந்து திரும்பினேன். கடைசி வரிசையில் ஊதாப் புடவை கட்டிய ஓர் அம்மா நாற்காலியைப் பிடித்துப் பாதி எழுந்து, வாயைத் திறந்திருந்தாள். போட்டிக்கு ஆள் வருகிறது என்று நினைத்தேன். முந்திக்கொண்டேன்.

"பக்கத்துல பூனை வந்து படுத்துக்கிச்சே!"

கூரை அதிரச் சிரித்தார்கள். ஊதாப் புடவை உட்கார்ந்துவிட்டது. தன் வரியை அம்மா மகனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். அம்மா கண்ணைத் திறந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மீதி வரிகளை இடமே விடாமல் வேகமாகப் பாடி முடித்தாள். பிரியாணிப் பந்தியில் ஊதாப் புடவையைக் காணவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ பின்னாடி திரும்பிப் பாத்துக்கினு இருந்தியாமே. யாராச்சும் எந்திரிச்சாங்களாடா?"

பாதி எழுந்ததையெல்லாம் கணக்கில் சேர்ப்பானேன்? பாடியது நான்.

"ஒருத்தரும் இல்லம்மா. எல்லாரும் என்னத்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். என் புகழைப் பார்த்து அவளுக்கே பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, இறங்கும்வரை அந்தப் பூனை வரியையே பாடிக்கொண்டு வந்தேன். அந்த ஊதாப் புடவை அம்மாவை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், கிட்டே போய்...

இருங்கள், அம்மா கூப்பிடுகிறாள். சிலிண்டர் மாற்ற வேண்டுமாம்.