பூஜ்யத்துக்கு இடது பக்கம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி, பிளஸ் டூ கணக்கு டீச்சர் வேலை. நாற்பதைத் தாண்டிய எனக்கு இதுவும் போனால் கடைசிவரை வீட்டு டியூஷன்தான். அந்தப் பயத்தோடுதான் டெமோ வகுப்புக்குப் போனேன்.

டெமோவில் ஒரு கூத்து உண்டு. பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆசிரியர்களே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைப் போலச் சந்தேகம் கேட்பார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். முதல் பெஞ்சில் என் கல்லூரித் தோழி. அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள்.

எல்லா x-க்கும் eˣ ≥ 1 + x என்று நிறுவ வேண்டும். வித்தியாசத்தை f(x) = eˣ − x − 1 என்று எழுதினேன். f(0) = 0. வகைக்கெழு eˣ − 1. பூஜ்யத்துக்கு வலப்பக்கம் அது பாசிட்டிவ். f பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது, ஆகவே பூஜ்யத்தைவிடப் பெரியது. இடப்பக்கம் வகைக்கெழு நெகட்டிவ், f இறங்குகிறது.

கடைசி பெஞ்சில் கை உயர்ந்தது. "இறங்குதுன்னா f நெகட்டிவ் ஆயிடுமே மிஸ்? அப்போ இடது பக்கம் இது தப்பாச்சே?"

மனுஷன் மக்குப் பையனாக என்னமாய் நடிக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

"இறங்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாம எப்படிப்பா ட்வெல்த்து வரைக்கும் வந்த? இறங்கிக்கினே வந்து பூஜ்யத்துல சேருதுன்னா, அதுக்கு முன்னாடி எங்க இருந்திருக்கும்? மேலதானே? மைனஸ் ஒண்ணு போட்டுப் பாரு. 1/e வருது. அது நெகட்டிவா?"

யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியரின் முகம் கறுத்திருந்தது. அவர் நடிக்கவில்லை.

"நானும் கணக்கு வாத்தியார்தாம்மா," என்றார். பிறகு தோழியின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பசங்களுக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கும் சார்."

சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், மீதி என் வாய்மேல். விடை சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

பஸ் நிறுத்தத்துக்குத் தோழி மூச்சு வாங்க ஓடி வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"கோச்சுக்காதடி. பிளஸ் டூவ என்னையே எடுக்கச் சொல்லிட்டாரு. அந்த இடது பக்கத்த இன்னொருவாட்டி சொல்லேன். எனக்கே சரியாப் புரியல."

போடி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அதைத் தப்பாக நடத்துவாள், ஒரு வகுப்பே தப்பாக எழுதும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பூஜ்யத்தை நோக்கி மேலிருந்து இறங்கும் வளைவை வரைந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள். மணி அடித்துவிட்டது என்று கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.