கழித்துக் கொடுத்த ஐம்பத்திரண்டாயிரம்

அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு மேசை போட்டு, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். நான் ஆடிட்டர் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள். ஜூலை பிறந்தால் அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம், அவர்கள் யாரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய விதி. வருடக் கமிஷன் அறுபதாயிரத்துக்குள் இருந்து, கணக்கும் வைக்காத ஏஜெண்டுக்கு முதல் வருடக் கமிஷனில் பாதியையும் புதுப்பிப்புக் கமிஷனில் நூற்றுக்குப் பதினைந்தையும் செலவாகக் கழிக்கலாம். அதுவும் மொத்தம் இருபதாயிரத்துக்கு மேல் போகக்கூடாது. லட்சக்கணக்கில் கமிஷன் வாங்குகிறவர்களும் அந்த விதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது உங்களுக்குக் கிடையாது, நிஜமாகச் செய்த செலவைத்தான் கணக்கோடு காட்ட வேண்டும் என்றால், நானே சட்டம் போட்டதுபோல் முறைப்பார்கள்.

ஒரு ஜூலையில் வந்த ஏஜெண்ட் அம்மா ஒருவர் அப்படி முறைக்கவில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரே மகள் பிசியோதெரபி கடைசி வருடம். ஹெல்மெட்டை மேசைக்கடியில் வைத்துவிட்டு ஒரு நீள நோட்டை என் முன்னால் நகர்த்தினார்.

"வருசம் பூராவும் எழுதியிருக்கறனுங்க சார். நீங்களே பாருங்க."

பார்த்தேன். தேதி, ஊர், யாரைப் பார்க்கப் போனார், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல். பில்கள் தேதிவாரியாக ஒட்டியிருந்தன. சில வரிகளைக் கோடு போட்டு அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அது எங்கண்ணன் ஊட்டுக்குப் போனதுங்க. அன்னைக்குப் பாலிசி பேசுலீங்களே."

இத்தனை வருடத்தில் அண்ணன் வீட்டுப் பெட்ரோலைத் தானாக அடித்துவிட்டு வந்த ஏஜெண்டை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகவே இருந்தது. காபி சொல்லியனுப்பினேன், அது நான் எல்லோருக்கும் செய்கிற காரியம் இல்லை.

அந்த நிதியாண்டில் அவருடைய மொத்தக் கமிஷன் எட்டு லட்சத்து இருபதாயிரம். கம்பெனி நூற்றுக்கு ஐந்து வீதம் நாற்பத்தோராயிரத்தைப் பிடித்து வரித்துறையில் கட்டியிருந்தது. இப்போது அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள், அப்போது ஐந்து. பெட்ரோல் எவ்வளவு, போன் எவ்வளவு என்றெல்லாம் கம்பெனி கேட்காது. மொத்தக் கமிஷனில் பிடித்துவிடும். செலவைச் சொல்லித் திரும்ப வாங்குவது நம் பாடு. செலவு போக வருமானம் ஏழு லட்சத்துக்குள் நின்றால் அந்த வருடக் கணக்குப்படி வரியே இல்லை. பிடித்தது முழுக்கத் திரும்பி வரும்.

அவர் அந்த நாற்பத்தோராயிரத்தைத்தான் நம்பியிருந்தார். மகளின் கடைசித் தவணை ஃபீஸ் அது.

நோட்டின் கூட்டுத்தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரம். கழித்தால் ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம். காரியம் முடிந்தது என்று நிமிர்ந்தபோதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. 'கழித்துக் கொடுத்தது' என்று தலைப்பு. கீழே பதினோரு பெயர்கள். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம். அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குள் இதுவும் சேர்ந்திருந்தது.

எனக்குத் தெரியாத விஷயமா! புதுப் பாலிசி எடுக்கிறவர் முதல் பிரீமியத்தைக் கட்டும்போது, "உங்க கமிஷன்ல எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பார். கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு ஏஜெண்ட் கொடுப்பார். எல்லோரும் செய்கிறார்கள், யாரும் எழுதிவைப்பதில்லை. இந்த அம்மா எழுதிவைத்திருந்தார்.

"ஏம்மா, இதைச் செலவுல காட்ட முடியாதே. கமிஷனைக் கழிச்சுக் கொடுக்கறதே இன்சூரன்ஸ் சட்டப்படி தப்பு. சட்டம் தடுத்த காரியத்துக்குக் கொடுத்த பணத்தை வரிக் கணக்குல கழிக்க விடமாட்டாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "குடுத்தா தப்புன்னு ஏஜெண்ட் பரீட்சைக்கே படிச்சனுங்க சார். ஆனா நெசமாலுமே கையை விட்டுப் போன காசாச்சேன்னு எழுதிப்போட்டனுங்க."

அதை எடுத்துவிட்டால் வருமானம் ஏழு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். வரி இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். திரும்பி வருவது பதினைந்தாயிரத்து எண்ணூறுதான். கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் செய்வதை இவருக்கும் செய்ய வாயெடுத்தேன்.

"காலண்டர், டைரி, பரிசுப் பொருள்னு விளம்பரச் செலவுல போட்டுடலாம்மா. எல்லாரும் அப்படித்தான்."

"நான் நூறு காலண்டர் அடிச்சனுங்க. அந்த பில்லு முன்னாடியே ஒட்டியிருக்குது. அடிக்காத காலண்டரை எப்படீங்க எழுதறது?"

"யாரும் வந்து எண்ண மாட்டாங்கம்மா."

"எண்ண மாட்டாங்க சார். ஆனா நோட்டு எங்கிட்டத்தானுங்களே இருக்கும்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அவர் குரல் எனக்கே கேட்டது. தன் பெயரிலும் மகன் பெயரிலும் பெரிய தொகைக்குப் பாலிசி எடுக்கத் தயார். முதல் வருடக் கமிஷனில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்றார்.

அந்த அம்மா கால்குலேட்டரை ஒருமுறை பார்த்தார்.

"அண்ணா, அது முடியாதுங்க. இத்தனை நாளா குடுத்தது என் தப்புங்க. இனிமே யாருக்கும் இல்லீங்க. கிளெய்ம்னு வந்தா ராத்திரின்னாலும் வாரேன். அதுதான் எங்கிட்ட இருக்குது."

மறுமுனையில் என்னவோ சொன்னார்கள். "சரீங்கண்ணா" என்று போனை வைத்தார். கண் கலங்கியிருந்தது. பாலிசி போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. போய்விட்டதென்று தெரிந்தது.

"ஃபீஸுக்கு என்ன செய்வீங்க?"

"ஏலச்சீட்டு ஒண்ணு ஓடுதுங்க. தள்ளிக் கேட்டு இந்த மாசமே எடுத்துக்கறேன். கொஞ்சம் நட்டந்தான்." பிறகு பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அடித்தார். "இப்பப் போடுங்க சார்."

போட்டேன். இவ்வளவு மரியாதையோடு நான் எந்த ரிட்டர்னையும் தாக்கல் செய்ததில்லை. அவரிடம் கட்டணம் வாங்கவும் கூச்சமாக இருந்தது. அவர் விடவில்லை, எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் பதினைந்தாயிரத்து எண்ணூற்றுச் சில்லறை அவர் கணக்கில் ஏறியது. "வந்துருச்சுங்க சார், நன்றிங்க" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

அதைப் படித்த அன்று வேறொரு ஏஜெண்டின் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். முதல் பிரீமியம் கட்டிய அன்று என் மேசையில் ஒரு கவர் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைகிறதே என்றுதான் சொன்னேன். இன்னும் ஐந்நூறு சேர்த்து வைத்தார். அந்த வருடம் அவருடைய ரிட்டர்னில் காலண்டர் செலவு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. அதை எழுதியவனும் நான்தான்.