பிறப்புச் சேதிக்கு ஓர் அடிக்குறிப்பு

நகலெடுக்கும் கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி. இருபது வருடமாக அங்கே உட்கார்ந்து ஊராரின் சான்றிதழ்களை ஆங்கிலமாக்குகிறவளுக்குத் தெருவில் அகராதி அக்கா என்று பெயர். "வாயும் அப்படித்தான்" என்பார் கடைக்காரர்.

அன்று தையல்காரி கைக்குழந்தையோடு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரோட கப்பல்ல வேலை பார்த்த சிநேகிதருங்க, அக்கா. நாலு நாட்டுல இருக்காங்க. இங்கிலீஷ்ல அனுப்பணும்."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை விடியலில் மகன் பிறந்தான், எடை மூன்று கிலோ, தாயும் சேயும் நலம். அதன்கீழ் அப்பாவின் பெயர், குழந்தையின் பெயர். இனிஷியல் அப்பாவுடையது, பெயரும் அப்பாவுடையதே. அக்காவின் விரல் அங்கேயே நின்றது. அப்பன் இருக்கும்போது எந்த வீட்டிலும் மகனுக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை.

"எப்போம்மா?"

"இவன் வயித்துல அஞ்சு மாசம். நெஞ்சுவலின்னாரு, அவ்வளவுதான். அவங்களுக்கு இன்னும் சொல்லல. எழுத உட்கார்ந்தா கை ஓடல. பேரைப் பார்த்தா புரிஞ்சுக்குவாங்கல்ல?"

"புரியாதும்மா. அங்கெல்லாம் அப்பன் உயிரோட இருக்கும்போதே அவன் பேரை மகனுக்கு வைப்பாங்க."

"வேணாம்க்கா. நல்ல சேதியில அதைச் சேர்க்காதீங்க."

பிள்ளை முகத்தைப் பார்த்து அக்கா இளகிவிட்டாள். 'முன்னால் நிற்கும் எழுத்து தந்தை பெயரின் முதல் எழுத்து. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையைக் கூப்பிடுவது பின்னால் வரும் பெயரால்தான்' என்று மட்டும் அடிக்குறிப்புப் போட்டுத் தையல்காரியின் போனிலிருந்தே அனுப்பினாள்.

நான்காம் நாள் தையல்காரி இன்னொரு போனோடு வந்தாள். புருஷனுடையது, இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

"இதுல குரல் செய்தி வந்திருக்கு. யாரோ பேசிச் சிரிக்கிறாரு. என்னக்கா சொல்றாரு?"

அக்கா காதில் வைத்துக் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். போனை மேசையில் வைத்தாள்.

"தற்பெருமைக்காரா, உன் பேரையே வச்சுக்கிட்டியான்னு கேலி பண்றாரு. போனை எடுடா, வாழ்த்தணும்ங்கறாரு. தப்பு என்மேலதான்மா. அன்னிக்கே எழுதியிருக்கணும்."

தையல்காரி பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எழுதிடுங்க" என்றாள்.

அக்கா முதலில் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினாள். 'எங்களிடம் தந்தையின் பெயர் மகனுக்கு முதல் எழுத்தாகத்தான் வரும். முழுப் பெயரும் வந்தால், தந்தை பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். உங்கள் நண்பர் மறைந்து நான்கு மாதமாகிறது.'

தையல்காரி தலையசைத்தாள். அக்கா ஆங்கிலத்தில் தட்டினாள். தட்டிக்கொண்டே, "வீட்ல கூப்பிட ஒரு செல்லப் பேர் இருக்கும்ல, அதையும் போடலாமா?" என்றாள்.

"அவர் பேரை ஒரு நாளும் வாயால சொன்னதில்லக்கா. இவனைக் கூப்பிடவும் அது வரமாட்டேங்குது."

"பின்னே எப்படிக் கூப்பிடறே?"

"'இங்க பாருங்க'ன்னுதான்."

அக்கா அதை எழுதவில்லை.