மூண்டாம் பக்கத்தை வெட்டின கடிதம்

எங்கட கந்தோரில கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் எண்டால் நான் ஒருத்திதான். தெரியும் எண்டுறதும் பெரிய கதைதான். கொழும்பில மூண்டு மாசம் வகுப்புக்குப் போனனான், அவ்வளவுதான். வவுனியாவில, சண்டைக்குச் சனம் ஓடேக்க பிரிஞ்சுபோன ஆக்களைத் தேடுறது எங்கட வேலை. தாயைத் தேடுற பிள்ளை, பிள்ளையைத் தேடுற தாய் எண்டு வாறவையின்ர விபரத்தைப் பதிஞ்சு, மன்னார், திருகோணமலைப் பக்கத்துக் கந்தோருகளில இருந்து வாற பட்டியலோட ஒப்பிட்டுப் பாப்பம்.

எங்கட கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற, சில்லறைக் காசு அளவான சின்னப் பட்டறி எப்பவோ செத்துப்போச்சு. காலமை போட்டவுடன கறுப்புத் திரையில ஏதோ முறைப்பாடு எழுதி வரும். F1-ஐத் தட்டினா வழிவிடும். தட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவம். ரோச் லைற் பட்டறி கொண்டுபோகவே ஆமி அனுமதி கேட்ட ஊரில, இதை ஆர் தேடி எடுக்கிறது? திரையின்ர மூலையில இருந்த மணிக்கூடும் ஒவ்வொரு நாளும் நடுச்சாமத்தில இருந்துதான் தொடங்கும். ஆரும் பாக்கிறேல்லை. அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட, அரசாங்கத்துக்குப் புதுநேரம், சனத்துக்குப் பழையநேரம் எண்டு அரைமணித்தியாலச் சண்டை நடந்த காலம். எந்த மணிக்கூட்டை நம்புறது?

செவ்வாய்க்கிழமையில ஒரு அம்மா வருவா. மலைநாட்டில இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்த குடும்பம். மகள் பளையில தென்னந்தோட்ட வேலைக்குப் போன இடத்தில சண்டை வந்து, ஒருத்தி ஒரு பக்கம், மற்றவ ஒரு பக்கம். அவா நெளுக்குளத்து முகாமில இருந்து நடந்தே வருவா. “புள்ள, பேரு வந்திருச்சா?” எண்டு கேப்பா. இல்லை எண்டால் சரி எண்டு எழும்பிப் போவா. கத்துறதுமில்லை, அழுறதுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

அந்த நேரம் பாத்து, ஒரு கொம்பனி செய்து தந்த எங்கட மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. எட்டு டிஸ்க். அதோட மன்னார்ப் பட்டியல் தனி டிஸ்கில. புதுப் பதிப்பைப் போட்டால்தான் அந்தப் பட்டியல் திறக்கும், பழையதில திறவாது. ஒண்டாம் டிஸ்க், ரெண்டாம் டிஸ்க் எண்டு மாத்தி மாத்திப் போட்டன். எட்டாவதும் முடிஞ்சு, வேலை எவ்வளவு முடிஞ்சுது எண்டு திரையில நீளுற கோடு முக்கால்வாசி தாண்டினவுடன நிண்டுது. ஒரு பைலைத் தொடங்க ஏலாதாம், அதுக்குப் பக்கத்தில ஒரு நீட்டு நம்பர். திரும்பப் போட்டன், அதே இடம். தலைகீழா நிண்டும் பாத்தன். கோதாரி, அசையேல்லை.

அடுத்த செவ்வாய் அம்மா வந்து புதுக்கதை ஒண்டு சொன்னா. சாவடிக்கு அங்கால, இயக்கம் வைச்சிருக்கிற பக்கம் திரும்பிப் போக விருப்பமான ஆக்களை முகாமில பேர் எழுதுகினமாம், மாசக் கடைசியில லொறி வருமாம். தானும் எழுதிப் போட்டாவாம். “இந்தப் பொட்டியில எம்மக இல்லேன்னா அங்கதான் இருப்பா. லொறி வர்ற வரைக்கும் பாக்குறேன்” எண்டா. அங்கால போனால் திரும்பி வர ஆமியிட்டைப் பாஸ் எடுக்கிறது லேசில்லை. அது அவாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொழும்புக்குப் போன் எடுத்துக் கொம்பனியோட கதைச்சன். எல்லாத்தையும் எழுத்தில அனுப்பச் சொல்லிச்சினம். கடிதத்தைப் போன் வழியா அனுப்புற பாக்ஸ் மிசின் எங்களிட்டை இல்லை. குந்தியிருந்து இங்கிலீசில மூண்டு பக்கம் ரைப் பண்ணினன். முதல் பக்கத்தில எங்கட கொம்பியூட்டரின்ர சாதகம்: பென்ரியம், பதினாறு மெகாபைற் நினைவகம், விண்டோஸ் 95, டிஸ்கில மிச்சம் எவ்வளவு இடம். ரெண்டாவதில நான் செய்ததெல்லாம் ஒவ்வொரு படியா. மூண்டாவது லொக். அதாவது, நிறுவேக்க மென்பொருள் தானே எழுதி வைக்கிற குறிப்பு. ஒவ்வொரு வரியும் திகதியோடயும் நேரத்தோடயும் தொடங்கும், பிறகு எந்த பைல், என்ன நம்பர் எண்டு போகும். நான் அந்த நம்பருகளைத்தான் பாத்தனான். திகதியைப் பாக்கேல்லை.

கடிதத்தைக் கொழும்புக்குப் போற எங்கட றைவர் அண்ணையிட்டைக் குடுத்துவிட்டன். சோதனைச் சாவடியில மூண்டாம் பக்கத்தை விரிச்ச ஆமிக்காரனுக்கு அது இரகசியச் செய்தியாத் தெரிஞ்சிருக்கு. பக்கம் முழுக்க எண்ணும் எழுத்தும் எண்டால் அவனும் என்ன செய்வான்? பெரியவனைக் கூப்பிட்டு, பெரியவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டு, அண்ணையைப் பின்னேரம் வரைக்கும் ஒரு மர வாங்கில இருத்திப் போட்டாங்கள். திரும்பி வந்தவர் கடிதத்தை என்ர மேசையில போட்டிட்டு, பிள்ளைகுட்டிக்காரன் தங்கச்சி, இனி உப்பிடியான சாமான் என்னட்டைத் தராதையுங்கோ எண்டார். அவரில பிழை சொல்ல ஏலாது.

நான் மூண்டாம் பக்கத்தை எடுத்துப்போட்டன். ரெண்டாம் பக்கத்தில கிடந்த நீட்டு நம்பரையும் வெட்டினன். “முக்கால்வாசி போய் நிக்குது, ஒரு பைலைத் தொடங்க ஏலாதெண்டு சொல்லுது” எண்டு நல்ல பிள்ளை மாதிரி வசனத்தில எழுதினன். அண்ணையிட்டைக் கெஞ்சிக் குடுத்துவிட்டன். அது சாவடியைத் தாண்டிப் போச்சு. பத்து நாளால பதில் வந்தது, ரெண்டே வரி: லொக் இல்லாமல் ஒண்டும் சொல்ல ஏலாது, தயவுசெய்து அனுப்பவும். எனக்கு வந்த விசருக்கு அதைக் கிழிச்செறிஞ்சிருப்பன்.

பிறகு சாவடி தாண்ட அனுமதி குடுக்கிற பெரிய கந்தோர் ஒண்டுக்கு விண்ணப்பம் எழுதி, மூண்டாம் பக்கத்தைக் காட்டி, இது என்ன எண்டு இங்கிலீசில விளங்கப்படுத்தி, சீல் குத்தி எடுக்க அலைஞ்சன். இண்டைக்குப் பெரியவர் இல்லை, நாளைக்கு வாங்கோ, அந்தக் கோப்பு மேல போயிட்டுது. நாள் போய்க்கொண்டே இருந்தது. சீல் குத்தின கடிதம் போய் நாலாம் நாள் லொறி வந்தது. அதுக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை இல்லாத நாளில, அம்மா வந்தா. இன்னும் திறக்கேல்லை அம்மா, இன்னும் கொஞ்சம் பொறுங்கோ எண்டன். எவ்வளவு நாள் எண்டு கேட்டா. எனக்குத் தெரியேல்லை. தெரியாத ஒண்டுக்கு என்னத்தைச் சொல்லி ஆளை மறிக்கிறது? நீ என்ன பண்ணுவ புள்ள, மிசினு தானே எண்டு என்ர கையைப் பிடிச்சிட்டுப் போனா.

அவா லொறியில போய் ஒரு கிழமையில கொம்பனியின்ர பதில் வந்தது. லொக்கைப் பாத்தவுடன கண்டுபிடிச்சிட்டினம். உங்கட லொக்கில திகதி 1980 ஜனவரி முதலாம் திகதி எண்டு கிடக்கு. உள்ளுக்கிருக்கிற பட்டறி செத்தால், கொம்பியூட்டர் போடுற நேரமெல்லாம் அந்தத் திகதிக்குத்தான் போகும். இந்த மென்பொருளின்ர அனுமதி இந்த வருசத்துக்கு மட்டும். 1980 எண்டு நினைச்சால் அனுமதி பாக்கிற பைல் தொடங்காது. திகதியைச் சரியாக்கிப்போட்டுத் திரும்ப நிறுவவும்.

மற்ற வேலைக்காரர் எல்லாம் பாத்துக்கொண்டிருக்க, திகதியை மாத்தினன். எட்டு டிஸ்கையும் போட்டன். கோடு முக்கால்வாசியைத் தாண்டி, கடைசி வரைக்கும் போச்சு. மன்னார்ப் பட்டியல் திறந்தது. மகளின்ர பேர் இருந்தது. தாயைத் தேடுறன் எண்டு அவள் எங்களுக்கு முதலே பதிஞ்சு வைச்சிருந்தவள்.

தாய்க்கு அங்கால கடிதம் போட்டம். கிணத்தில போட்ட கல்லு. மகளுக்கும் போட்டம், அவள்தான் கைக்குழந்தையோட மன்னாரில இருந்து வந்து நிண்டாள். தாய் எப்பிடி இருந்தா, மெலிஞ்சிட்டாவா, கால் நோ எண்டு சொன்னாவா எண்டு ஒவ்வொண்டாக் கேட்டாள். சொன்னன். ஏன் ஒரு மாசமாத் திறக்கேல்லை எண்டும் கேட்டாள். மிசின் பிழை எண்டு சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கு மனம் கேக்கேல்லை. சாவடிக் கதை, நான் வெட்டின பக்கம், அதில கிடந்த திகதி எல்லாத்தையும் சொன்னன்.

குழந்தையை மற்றத் தோளில மாத்திப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“அப்ப அந்தத் தேதி மட்டும் அவங்களுக்குப் போயிருந்தா, எங்கம்மா இங்க இருந்திருக்குமா அக்கா?”

“ஓம்” எண்டன்.