சிவப்புப் பலகை

நெளுக்குளத்தில் கண்ணிவெடி விழிப்பூட்டல் வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. கணினியில் படங்கள் தயாரிக்கும் கிறேஸிடம் பொறுப்பாளர் பாலன், "இந்தப் படத்தில அபாயப் பலகையைவிட, பக்கத்தில நிக்கிற ஆளின்ர சிவப்புச் சேட்டுத்தான் முதல்ல தெரியுது. வெள்ளையாக்குங்கோ" என்றார்.

கிறேஸ் நிறம் மாற்றும் பெட்டியில் சிவப்புக்குப் பதிலாக வெள்ளையைத் தெரிவு செய்தாள். ஆளின் சட்டை வெளுத்தது. கூடவே அபாயப் பலகையும் வெளுத்தது. அங்கே வெள்ளை என்றால் வெடி அகற்றிய இடம், பயமில்லாமல் கால் வைக்கலாம்.

பாலனுக்கு அது கண்ணில் படவேயில்லை. "காணும், இவ்வளவு போதும், சனம் காத்திருக்கு."

"பொறுங்கோ சேர்!"

மாற்றத்தை நீக்கினாள். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சட்டைக்கு மட்டும் வெள்ளை நிரப்பினாள். பலகை சிவப்பாகவே நின்றது.

"ஒரு சேட்டுக்கு இவ்வளவு பாடா?"

"நாளைக்கு இதை நம்பித்தானே சேர் அவையள் காட்டுக்குள்ள விறகுக்குப் போகப்போகினம்."