எட்டு வருடக் கணக்கு

பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ரைஹான் ஆபீஸ் மேனேஜர். எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைத்திருப்பது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். வாடிக்கையாளர் ஆர்டர்கள், கணக்கு முடிந்து மூன்று வருடம். கணக்குப் புத்தகங்களும் பில்களும் எட்டு வருடம். தொழிலாளர் ஃபைலுக்கும் அதே எட்டை எழுதிவிட்டார். ஆள் வேலையை விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டியதை, காகிதம் வந்த நாளிலிருந்து எண்ணினார். ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்தபோது, இன்னும் வேலையிலிருக்கும் நாச்சியம்மாளின் பள்ளிச் சான்றிதழும் பழைய பேப்பர்காரரின் மூட்டையோடு போய்விட்டது.

மறு வருடம், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் நாச்சியம்மாள் வந்து நின்றார்.

"பென்சனுக்கு வயசு அத்தாட்சி கேக்கறாங்க சார். சேரறப்ப ஒரிஜினல இங்கதானுங்க குடுத்தேன்."

ரைஹான் நடந்ததைச் சொன்னார்.

"அட உடுங்க, ஊட்டுல இருந்திருந்தாலும் கரையான் தின்னிருக்குமுங்க" என்று அந்த அம்மாள் சிரித்தது அவரை இன்னும் கூசவைத்தது.

அட்டவணையைத் திருத்திவிட்டு, நாச்சியம்மாள் படித்த வெள்ளகோவில் பள்ளிக்கு அவரோடு பஸ் ஏறினார் ரைஹான். சேர்க்கைப் பதிவேட்டை அங்கே என்றைக்கும் அழிப்பதில்லை. பிறந்த தேதி இருந்தது.

நகல் எழுதிக்கொண்டே தலைமையாசிரியர், "ஏம்மா, ஒரிஜினலைத் தொலைச்சது யாரு?" என்று கேட்டார்.

ரைஹான் வாயெடுப்பதற்குள், "நாந்தானுங்க, எங்கியோ வெச்சுத் தொலைச்சுப்போட்டேன்" என்றார் நாச்சியம்மாள்.

ரைஹான் அதைத் திருத்தாமல் நகலை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ் காங்கேயம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.