அஞ்சலில் சேராத கடிதம்

இஹ்ஸான் கடிதத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை எடை பார்த்தாள். "ஒரு தபால்தலை போதும்" என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லி, மடித்துத் தையல் சாமான் டப்பாவில் போட்டு மூடினாள். அலெக்ஸாண்ட்ரியா தபால் நிலைய ஜன்னலில் முத்திரை குத்தியே நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது, மேசை மேல் எது கிடந்தாலும் ஒரு குத்து விழும்.

அனுப்பாத கடிதம் எழுதுவது அண்ணன் மகள் நிஹால் சொன்ன வைத்தியம். மனநல ஆலோசனை படிக்கிற பெண். அத்தைக்குத் தூக்கம் வரவில்லை, காரணம் பழைய தோழி தஹானி என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன செஞ்சீங்களோ அதை அப்படியே எழுதுங்க அத்தை. 'ஆனா'ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. அவங்ககிட்ட பதிலுக்கு எதுவும் கேட்கக்கூடாது. எழுதிட்டு சத்தமா படிங்க. தபால்ல மட்டும் போடாதீங்க. போடப் போறோம்னு தெரிஞ்சா அவங்க முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவீங்க, உண்மை வராது."

"போடாத கடிதமா? அப்போ நான் காலமெல்லாம் எதுக்கு அந்த ஜன்னல்ல உட்கார்ந்தேன்?"

முணுமுணுத்தாலும் எழுதினாள். முதல் கடிதம் தஹானி மீதான புகார் மனுவாகவே போய்விட்டது: நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே. இரண்டாவதில் 'ஆனால்' எறும்பு மாதிரி வரிசை கட்டியது. நிஹால் அடித்து அடித்து, கடைசியில் "அன்புள்ள தஹானிக்கு" மட்டும்தான் மிஞ்சியது. அடுத்ததில்தான் விஷயம் வந்தது. தஹானி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது நாளை போகிறேன், நாளை போகிறேன் என்று நாளைக் கடத்தியது. நாள் போகப் போக வெட்கம் வந்தது. வெட்கம் முற்றி, அவள் பால்கனி தெரியும் தெருவையே விட்டுவிட்டு மீன் சந்தைக்குச் சுற்றிக்கொண்டு போனது. அதை உரக்கப் படித்த அன்று பாதியிலேயே கைக்குட்டையைத் தேடினாள். மூக்கைச் சிந்தினாள். அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

கடிதத்தில் வராத சாட்சி ஒன்று அலமாரி மேல் இருந்தது. விழுவதற்கு முன் தஹானி பஸ்பூசா கேக் வைத்து அனுப்பிய நீலக்கரைத் தட்டு. அடியில் நகப்பூச்சால் அவள் பெயர். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது எந்த வீட்டுக்கும் மானக்கேடு. நல்லதாக ஏதாவது செய்து நிரப்பித் தரலாம் என்று வைத்ததுதான், தூசி படிந்தது.

பெருநாள் வந்தது. கஹ்க் பிஸ்கட்டை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கணவர் ஷவ்கியின் வேலை. இஹ்ஸான் கடைசித் தட்டத்தை அடுப்பிலிருந்து இறக்கித் திரும்பிப் பார்த்தால், அலமாரி மேல் தூசி வட்டம் மட்டும் இருந்தது.

"ஹாஜி, அந்த நீலத் தட்டு எங்க?"

"வேற தட்டு தீர்ந்துபோச்சு. அடியில பேர் போட்டிருந்தது. பேர் போட்டவங்ககிட்டதானே கொடுக்கணும்?"

"கஹ்க்குக்கு அடியில என்ன காகிதம் விரிச்சீங்க?"

"நெய் ஒட்டக்கூடாதேன்னு தையல் டப்பாவுல இருந்த ஒண்ணு."

மூக்கில் இருக்கும் கண்ணாடியையே வீடெல்லாம் தேடுகிற மனிதர், சரியாகத் தையல் டப்பாவைத் திறந்திருக்கிறார். இஹ்ஸான் அன்று அவருக்குத் தேநீர் போடவில்லை. அவரும் கேட்கவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு காபிக்கடைக்குப் போய்விட்டார்.

பெருநாள் முடியும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு தஹானியுடையது. அவள் அதை வைத்துக்கொண்டால் கணக்கு தீர்ந்தது, நட்பும் தீர்ந்தது. திரும்ப வந்தால்தான் பேச்சுக்கு இடமுண்டு.

வந்தது. காபிக்கடைக்காரர் கையில் தஹானி கொடுத்தனுப்பியிருந்தாள். மேலே அத்திப்பழம், அடியில் நெய் ஊறிய அதே கடிதம். "முட்டி வலியால் உன் மாடி ஏற முடியவில்லை" என்ற வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் தஹானியின் கோணல் கையெழுத்து:

"பொய். அந்த வாரமே எதிர்வீட்டு நாலாவது மாடிக்கு, தையல்காரிகிட்ட ஏறினே. பால்கனிக் கதவோரம் கட்டில்ல படுத்துப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். மத்ததெல்லாம் சரி. கஹ்க்ல சர்க்கரை கம்மி."

"நிஹால் கண்ணுக்கே தப்பின வரி" என்றாள் இஹ்ஸான். சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பிறகு தட்டைக் கழுவி, அரிசிப் பாயசம் ஊற்றிய கிண்ணத்தை அதில் வைத்து, சர்க்கரையை வஞ்சனையில்லாமல் தூவி, பழைய தெரு வழியாகவே நடந்தாள்.

பால்கனியில் தஹானி. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, எப்போதும்போலக் காய்கறிக் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். "லிஃப்ட் கெட்டுப்போச்சு. முட்டி வலிக்காரங்க சிரமப்பட வேண்டாம், கூடையில வெச்சுட்டுப் போகலாம்."

கூடை கீழே வந்து ஆடியது. இஹ்ஸான் தட்டைப் பத்திரமாக வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, தன் வீட்டுச் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.

"இழு. சாவியை வாங்க நானே மேல வரேன்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குள் போய்ப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள்.